பால் பாக்கெட் கதை அத்தைக்கும் புரியணும்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி மாலைகளில் இப்போதெல்லாம் மைக்கும் வந்துவிட்டது. பெண்ணின் உயிர்த்தோழி எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். போன வருடம் என் கல்லூரித் தோழிக்காக நான் பேசினேன். "அந்தப் பால் பாக்கெட்டை மறக்க முடியுமாடி?" என்றதுமே ஹாஸ்டல் தோழிகள் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூடத்தில் மீதி அறுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பெண்ணின் அத்தை பக்கத்துப் பெரியம்மாவிடம் கேட்டார்: "என்ன பாலாம்?"

கதை நல்ல கதைதான். நான் அதன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டேன். இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"ஹாஸ்டலில் ஒரு ராத்திரி எனக்குக் காய்ச்சல். மெஸ் மூடியாச்சு. பாலைச் சூடு பண்ண அடுப்பு இல்லை. இவள் பாக்கெட்டை அப்படியே வெந்நீர் வாளியில் போட்டாள். பாக்கெட் கிழிந்து வாளி முழுக்க வெள்ளை. அசராமல் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள், 'குடிடி, கால்சியம்!' அத்தை, சமையல் இவ்வளவுதான் தெரியும். ஆனால் விடியும் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்."

இடம், சிக்கல், அவள் செய்தது, அவள் சொன்ன ஒரு வாக்கியம். இந்த நாலும் இருந்தால் எந்த ரகசியக் கதையும் ஊர்க்கதை ஆகிவிடும். சிரிப்பு அவள் அசட்டுத்தனத்தில் தொடங்கினாலும் அவள் மனசில் போய் முடியணும். வாளியோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கேலி.

எழுதியதை, பெண்ணை உங்கள் மூலம் அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். உங்கள் அம்மாவே போதும். அவர் "யாரு அது?" என்று கேட்கும் இடத்தில் ஒரு வரி சேருங்கள். ஒரு வரியில் விளக்க முடியாவிட்டால் அந்த இடத்தையே எடுத்துவிடுங்கள். பட்டப்பெயர், பழைய காதல், அரியர், உடம்பு பற்றிய கிண்டல் எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேராவது அங்கே இருப்பார்கள்.

ஒரே ஒரு கதை, மூன்று நிமிடம். வாய்விட்டுப் படித்து போனில் நேரம் பாருங்கள். மனசுக்குள் படித்தால் கணக்கு தப்பும். பந்தி போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இலை விழுந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

கடைசி இரண்டு வரியை மட்டும் கூட்டத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னது இது: "நாளையிலிருந்து உன் வீடு வேறடி. எனக்குக் காய்ச்சல் வந்தால் அங்கேயும் வந்து படுப்பேன்."

அப்போது அவள் அழுவாள். இரண்டு கையிலும் மருதாணி ஈரமாக இருப்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. கைக்குட்டையை நீங்கள் எடுத்துப் போங்கள்.