இரண்டு பெயர், ஒரு பெட்டி: கல்முனைக் கரையில் அன்றும் இன்றும்

கல்முனைக்கு வடக்கே மருதமுனை, தெற்கே சாய்ந்தமருது. இரண்டும் கல்முனை மாநகர எல்லைக்குள் அடங்கியவை. ஏ4 வீதியில் பஸ் ஏறினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அதிக நேரம் ஆகாது. மருதமுனை என்றாலே கைத்தறி. அங்கு நெய்த சாரனும் சாரியும் இலங்கை முழுக்கப் பேர் பெற்றவை. தொதல், மஸ்கட், வட்டிலப்பம் என்று இனிப்பு செய்யும் கைப்பக்குவத்துக்கோ இந்தக் கரையில் எந்த ஊரிலும் குறைவில்லை.

இப்போது பெருநாள் நெருங்கினால் கைபேசித் திரையில் ஒரு புதிய வகை அறிவிப்பைப் பார்க்கலாம். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் இருவர் சேர்ந்து, ஒருவரின் துணியையும் மற்றவரின் இனிப்பையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒரே விலை சொல்லி, இரண்டு பெயரையும் போட்டு விற்கிறார்கள். சின்ன விடயமாகத் தோன்றினாலும், இந்தக் கரையில் வியாபாரம் நடந்த விதமே இதில் மாறியிருக்கிறது.

அன்று

முன்பு நெய்தவருக்குப் பெயர் இல்லை. முதலாளி நூலும் சாயமும் கொடுப்பார், நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். சொந்தத் தறி வைத்திருந்தவரும் சாரன்களைக் கட்டாகக் கட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, விற்றபின் காசு வாங்கப் போவார். வாங்குகிறவருக்குக் கடையின் பெயர்தான் தெரியும்.

இனிப்பு செய்யும் பெண்ணின் பெயர் தெருவைத் தாண்டாது. பெருநாளுக்கு முன் பக்கத்து வீட்டார் சொல்லிவைப்பார்கள். வாங்க வருகிறவரே ஏனம் கொண்டு வருவார். பொதி இல்லை, லேபல் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. நேற்றுக் கிண்டிய தொதல் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அது போதும்.

விளம்பரம் கடைகளின் வேலை. அச்சகத்தில் நோட்டீஸ் அடித்து ஜும்ஆ முடிந்து வருகிறவர்களிடம் கொடுப்பார்கள், அல்லது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஏதும் செய்தால் பேச்சு வாய்வழி, கணக்கு ஒரு கொப்பியில். அதில் பிணக்கு வந்தால் தீர்க்கவும் வழி இருந்தது. வாங்கியவர், விற்றவர், கூட்டாளி மூவரும் அதே சந்தையிலும் அதே பள்ளிவாசலிலும் நாளும் சந்திப்பவர்கள். வாக்குத் தவறியவர் முகத்தை மறைத்துக்கொண்டு போக இடமில்லை.

நடுவே நடந்தவை

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளோடு வீட்டுத் தொழில்களும் போயின. மீண்டு எழுந்தபின் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. டொலர் தட்டுப்பாட்டில் நூலும் சாயமும் விலை ஏறின, சீனி, மா, எரிவாயு எல்லாம் ஏறின. தனியாகப் பெட்டி அடித்து, தனியாக விளம்பரம் செய்து, தனியாகக் கூரியர் கட்டணம் கட்டுவது சின்னத் தொழிலுக்குத் தாங்காத செலவாயிற்று. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பெட்டி, ஒரு கூரியர்.

கருவியும் கைக்கு வந்திருந்தது. 2018இல் வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் வந்தது. 2021 ஒக்டோபரில் இன்ஸ்டகிராம் கூட்டுப் பதிவு வசதியைத் தந்தது. ஒருவர் பதிவிட்டு மற்றவரை அழைக்கிறார். அவர் ஏற்றுக்கொண்டதும் அதே பதிவு இருவரின் பக்கத்திலும் இரண்டு பெயரோடும் தெரியும். விருப்பங்களும் கருத்துகளும் பொது. ஆனால் முதலில் பதிவிட்டவர் அழித்தால் இருவரிடமிருந்தும் போய்விடும். அதனால் பதிவு யாருடைய கணக்கிலிருந்து போகிறது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

இன்று

ஒரு பெட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைத்தறிச் சாரன் ஒன்று 2,400 ரூபா, செய்யும் செலவு 1,700, லாபம் 700. அரைக் கிலோ தொதல் 900 ரூபா, செலவு 600, லாபம் 300. சேர்த்து 3,300. பத்து வீதம் கழித்து 2,970க்கு விற்கிறார்கள். கழிவு 330 ரூபா. இதை யார் தாங்குவது?

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“ராத்தா, பாதி பாதி போடுவமே.”

“இல்ல புள்ள, உன்ட லாபம் சின்னது. பாதி போட்டா உனக்குத்தான் அடி.”

ராத்தா சொல்வது சரி. பாதி என்றால் ஆளுக்கு 165 ரூபா. சாரன்காரருக்கு 700இல் 535 மிஞ்சும், தொதல்காரருக்கு 300இல் 135தான் மிஞ்சும். ஒருவர் லாபத்தில் கால்வாசியை இழக்க, மற்றவர் பாதிக்கு மேல் இழக்கிறார். லாபத்தின் அளவுப்படி பிரித்தால் சாரன்காரர் 231, தொதல்காரர் 99. இருவருமே தங்கள் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் தங்கள் உண்மையான செலவை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். அதற்கு மனம் வராதவர்கள் விலையின் அளவுப்படி பிரித்துக்கொள்ளலாம். அப்போது 240க்கு 90 வரும், இதிலும் பெரிய அநியாயம் இல்லை.

அடுத்தது எத்தனை பெட்டி என்ற கேள்வி. தொதல் ஒரு நாள் அடுப்பில் நின்று கிண்டினால் பல பெட்டிக்கு ஆகிவிடும். தறி அப்படிக் கேட்காது. பாவு ஓட்டி, நாடா போட்டு நெய்ய நாள் பிடிக்கும். எனவே மெதுவான கையின் வேகம்தான் எல்லை. கையில் 40 சாரன் இருந்தால் அறிவிப்பில் 40 பெட்டி மட்டும் என்று எழுத வேண்டும். எண்ணிக்கை போடாத சலுகை என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் பிரிட்டனில் உண்டு. 1992இல் ஹூவர் நிறுவனம் பயண முகவர்களோடு சேர்ந்து, 100 பவுணுக்குச் சாமான் வாங்கினால் அமெரிக்காவுக்கு விமானச் சீட்டு இலவசம் என்று அறிவித்தது. சீட்டுக்காகவே ஜனங்கள் தூசுறிஞ்சி வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 கோடிப் பவுண் செலவு. 1995இல் அதன் ஐரோப்பியத் தொழில் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

மூன்றாவது, பெட்டிக்குள் நடப்பது. தொதலில் தேங்காய்ப்பாலின் எண்ணெய் கசியும், பருத்தி அதை உறிஞ்சும். வெயிலில் நிற்கும் கூரியர் வாகனத்துக்குள் கசிவு இன்னும் கூடும். பிரித்துப் பார்க்கும்போது சாரனில் கறை இருந்தால் வாடிக்கையாளர் ஏசுவது நெய்தவரைத்தான். சோதிக்கும் வழி எளிது. பொதி செய்த தொதலை வெள்ளைத் தாளில் சுற்றி, தகரக் கூரையின் கீழ் ஒரு பகலும் ஓர் இரவும் வையுங்கள். தாளில் எண்ணெய் வளையம் தெரிந்தால் அந்தப் பொதி பெட்டிக்கு ஆகாது. காற்றுப் புகாமல் ஒட்டிய உறையும், அதன்மேல் தனி டப்பாவும் வேண்டும். லேபலில் தொதல்காரரின் பெயர், விலாசம், சேர்மானம், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி இருக்க வேண்டும். உணவில் குறை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாருடைய அடுப்படிக்கு வர வேண்டும் என்பது அப்போது தெளிவாக இருக்கும்.

நான்காவது, காசு. பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையையே நம் ஊரில் அதிகம் பேர் விரும்புகிறார்கள். கூரியர் அந்தக் காசைச் சில நாள் கழித்து, பொதி அனுப்பியவரின் கணக்கில்தான் போடும். மற்றவரின் பங்கு அதுவரை அங்கே நிற்கும். எந்தக் கிழமை கணக்குத் தீர்ப்பது என்று பேசாதவர்கள் இங்கேதான் முதலில் மனம் கசக்கிறார்கள். பொதியை ஏற்காமல் திருப்பி அனுப்பினால் சிக்கல் இன்னும் கூடும். சாரனைத் திரும்ப விற்கலாம், ஒரு வாரம் வழியில் கிடந்த தொதலை விற்க முடியாது. அந்த 600 ரூபாவையும் கூரியர் செலவையும் தொதல்காரரின் தலையில் மட்டும் போடுவது நீதியாகாது. கழிவைப் பிரித்த அதே அளவில் நட்டத்தையும் பிரிக்க வேண்டும்.

இவ்வளவும் தீர்ந்தபிறகு அறிவிப்பை எழுதுவது இலகு:

“கைத்தறிச் சாரன் ஒன்று, வீட்டுத் தொதல் 500 கிராம். இரண்டும் சேர்த்து 2,970 ரூபா, தனித்தனியே வாங்கினால் 3,300. 40 பெட்டி மட்டும். கடைசி நாள் 15ஆம் திகதி இரவு 8 மணி. கூரியர் கட்டணம் தனி. சாரனை ஏழு நாளுக்குள் மாற்றலாம், உணவை மாற்ற முடியாது. ஓடருக்கும் முறைப்பாட்டுக்கும் ஒரே இலக்கம்.”

இதில் ‘பெருநாள் வரை’ என்று எழுதாததைக் கவனியுங்கள். நோன்பு 29இல் முடியுமா 30இல் முடியுமா என்பது பிறை பார்த்தபிறகே தெரியும். கடைசி இரவில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள இடம் வைக்கக் கூடாது. 3,300 என்பதும் உண்மையில் விற்றுவந்த விலையாக இருக்க வேண்டும். சலுகைக்கு முன் விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பிழையான தகவல் தந்து விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது.

அன்றைய வியாபாரத்தில் வாக்கைக் காத்தது ஊர். இன்று பெட்டி குருநாகலுக்கும் கொழும்புக்கும் போகிறது. வாங்குகிறவர் நம்மைச் சந்தையில் காண்பதில்லை. ஊர் செய்த காவலை எழுத்துத்தான் செய்ய வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கும்படி சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை நாம் அறிவோம். நாட்டின் சட்டமும் அதே வழியில்தான் நிற்கிறது. கூட்டு வியாபாரத்தின் முதல் 1,000 ரூபாவைத் தாண்டினால் அந்த உடன்பாடு எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு பெருநாளுக்கு மட்டும் சேர்ந்து விற்பவர்கள் முழுக் கூட்டாளிகள் ஆகாமல் இருக்கலாம். எழுதி வைப்பதால் அவர்களுக்கும் நன்மையே தவிர நட்டம் இல்லை.

நெய்தவரின் பெயரும் அடுப்படியில் நின்றவரின் பெயரும் பெட்டியின்மேல் வந்திருப்பது அன்று இல்லாத பெரும் பேறு. அதைக் காப்பாற்ற ஒரு பக்கத் தாள் போதும். கழிவு யார் பங்கில் எவ்வளவு, எத்தனை பெட்டி, காசு எந்தக் கிழமை, திரும்பிவந்த பொதியின் நட்டம் யாருக்கு என்ற நான்கையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அறிவிப்பை அதன் பிறகு போடுங்கள்.