நிறுத்தி வைத்த பணம்: பேமென்ட் கேட்வேக்கு எப்படி எழுதுவது?

மதுரையில் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு வியாபாரியை வைத்துக்கொள்வோம். கேட்வேயில் கணக்குத் தொடங்கியபோது, ஒரு சேலை சராசரியாக 1,200 ரூபாய், மாத விற்பனை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அவர் போட்ட ஒரு வீடியோ எங்கெங்கோ பரவ, 370 சேலைகள் விற்றன. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக 96,000 ரூபாய்க்கு ஒரே ஆர்டரும் கொடுத்தது. மொத்தம் 5,40,000 ரூபாய். வழக்கமாக இரண்டாம் வேலைநாளில் வங்கிக்கு வந்துவிடும் பணம் இந்த முறை வரவில்லை. கேட்வேயின் திரையில் `On hold` என்று இருந்தது. மின்னஞ்சலில் வந்தது ஒரே வரி: உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது.

நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் கொடுக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு வரி வந்தால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். அந்தப் பதற்றத்தில் எழுதும் கடிதம், பண்டிகைச் செலவையும் கடன் நெருக்கடியையும் பக்கம் பக்கமாகச் சொல்லி, கடைசியில் "தயவுசெய்து விடுவியுங்கள்" என்று முடியும். அதைப் படிக்கும் ஊழியரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அதில் இல்லை.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பணம் உண்மையில் எங்கே நிற்கிறது? ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எதிரே `Captured` என்று இருந்தால், பணம் கேட்வேயிடம் வந்துவிட்டது, உங்களிடம் வரவில்லை. `Authorized` என்று மட்டும் இருந்தால் வாடிக்கையாளரின் பணம் இன்னும் முழுமையாக எடுக்கப்படவே இல்லை. அது வேறு பிரச்சினை. செட்டில்மென்ட் முடிந்து யூடிஆர் எண்ணும் வந்திருந்தால், அந்த எண்ணோடு உங்கள் வங்கியைத்தான் கேட்க வேண்டும். முதல் வகைக்குத்தான் இந்தக் கடிதம்.

தொகையையும் சரியாகக் கணக்கிட வேண்டும். நம் வியாபாரிக்கு 2 சதவீதக் கட்டணம் என்றால் 10,800 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,944 ரூபாய். இரண்டையும் கழித்தால் அவருக்கு வர வேண்டியது 5,27,256 ரூபாய். கடிதத்தில் 5,40,000 வரவில்லை என்று எழுதினால், தொகை பொருந்தவில்லை என்ற பதிலிலேயே ஒரு சுற்று வீணாகும்.

ஏன் நிறுத்துகிறார்கள்? இந்தக் கணக்கில் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. சொன்ன அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஒரே வாரத்தில் விற்பனை. 1,200 ரூபாய் சராசரிக்கு நடுவே 96,000 ரூபாய். திருட்டுக் கார்டுகளை வைத்துப் பணம் சுருட்டுகிறவர்களின் கணக்கும் தொலைவிலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும். கார்டில் பணம் கட்டியவர் பொதுவாக 120 நாள் வரைகூடத் தகராறு எழுப்பலாம். அதற்குள் வியாபாரி பணத்தோடு மறைந்துவிட்டால் இழப்பு கேட்வே மீதும் அதன் வங்கி மீதும் விழும். காலாவதியான கேஒய்சி ஆவணம், பதிவு செய்ததற்கு மாறான பொருளை விற்பது, தளத்தில் ரீஃபண்ட் விதிகளோ முகவரியோ இல்லாதது ஆகியவையும் வழக்கமான காரணங்கள்.

ஒரு காரணத்தை மட்டும் அவர்களால் சொல்ல முடியாது. பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் சந்தேகப் பரிவர்த்தனை என்று அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் வெளியிடத் தடை உண்டு. ஆகவே "என்னைப் பற்றி யாருக்குப் புகார் அனுப்பினீர்கள்" என்று கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டியவை வேறு. கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும்; உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரியீர், எங்கள் மெர்ச்சன்ட் எண்ணின் கீழ் நிகர 5,27,256 ரூபாய் செட்டில்மென்ட் பரிசீலனைக்காக நிறுத்தப்பட்டுள்ளது. பரிவர்த்தனைப் பட்டியலை இணைத்துள்ளோம். நிறுத்தியது நீங்களா, உங்கள் வங்கியா, காவல் துறையின் அறிவிப்பா? ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி? மொத்தத் தொகை மீதும் சந்தேகமா, குறிப்பிட்ட பரிவர்த்தனைகள் மீதா? அவற்றின் எண்களைத் தாருங்கள். மற்றவற்றை இப்போதே விடுவிக்கக் கோருகிறோம். 96,000 ரூபாய் ஆர்டருக்கான பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஎஸ்டி பில், கூரியர் ரசீது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். வேறு ஆவணம் தேவையெனில் முழுப் பட்டியலையும் ஒரே முறையில் தெரிவியுங்கள். எந்தத் தேதிக்குள் விடுவிப்பீர்கள்? அந்தத் தேதியை இப்போது சொல்ல இயலாதெனில், ஆவணங்கள் கிடைத்ததிலிருந்து எத்தனை நாளில் பரிசீலனை முடியும் என்று எழுத்தில் தாருங்கள்."

இதில் என் கணிப்பில் மிக முக்கியமான வரி, மற்றவற்றை இப்போதே விடுவிக்கக் கேட்பது. 96,000 ரூபாயை மட்டும் நிறுத்திக்கொண்டால் மீதி 4,44,000 ரூபாய்க்கான விற்பனைப் பணம், கட்டணம் போக, வந்துவிடும், நெசவாளருக்குக் கொடுத்துவிடலாம். பரிசீலிப்பவருக்கும் இது எளிது. முழுக் கணக்கையும் நல்லது என்று முத்திரை குத்த அவர் தயங்கலாம். டெலிவரி முடிந்த சிறு ஆர்டர்களை விடுவிப்பதில் அவருக்கு அவ்வளவு தயக்கம் இருக்காது.

நிறுத்தியது காவல் துறை என்றால் பாதை மாறுகிறது. பணத்தை இழந்த யாரோ 1930 எண்ணில் புகார் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி சேலை வாங்கிய வழியாக உங்களிடம் வந்திருக்கலாம். அப்போது கேட்வேயிடம் கேட்க வேண்டியது புகார் எண், காவல் நிலையம், சம்பந்தப்பட்ட தொகை. அடுத்த கடிதம் விசாரணை அதிகாரிக்கு, பில்லோடும் டெலிவரிச் சான்றோடும் போக வேண்டும். 1,200 ரூபாய்ப் புகாருக்காக ஐந்து லட்சத்தையும் நிறுத்தியிருந்தால் அதைத் தெளிவாக எழுதி, புகாருக்குரிய தொகைக்கு மேல் உள்ளதை விடுவிக்கக் கேளுங்கள்.

பதில் வரும்வரை சிலவற்றைச் செய்யாமல் இருப்பது நல்லது. வேறொரு பெயரில் இன்னொரு கேட்வே கணக்கு தொடங்குவது, பெரிய பில்லைச் சிறியதாகப் பிரித்துத் திருத்துவது இரண்டும் இருக்கும் சந்தேகத்தை உறுதியாக்கிவிடும். நாள்தோறும் புதிய டிக்கெட் எழுப்பினால் பழைய ஆவணங்கள் ஓரிடத்திலும் புதிய கேள்வி வேறிடத்திலுமாகச் சிதறும். ஒரே டிக்கெட்டில் தொடருங்கள்.

அவர்கள் சொன்ன நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தை டிக்கெட் எண்ணோடு கேட்வேயின் நோடல் அதிகாரிக்கு அனுப்பலாம். வியாபாரிகளுக்காகப் பணம் வசூலிக்கும் நிறுவனங்களை ரிசர்வ் வங்கி பேமென்ட் அக்ரிகேட்டர் என்று அழைக்கிறது. நாம் பேச்சுவழக்கில் கேட்வே என்பது பெரும்பாலும் இவர்களைத்தான். இவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; 2025 செப்டம்பரில் விரிவான புதிய உத்தரவு வந்தது. வசூலான பணத்தைத் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. உங்கள் தொகை இன்னும் அந்த எஸ்க்ரோ கணக்கில்தான் உள்ளதா என்று நோடல் அதிகாரியிடம் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் தகராறுக்கு என்ன வழி எழுதியிருக்கிறது என்று பார்த்து, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும். பரிசீலனை என்பது கணக்கையே மூடும் முடிவாக மாறியிருந்தால், 120 நாளோ 180 நாளோ பணத்தை வைத்துக்கொள்ள அந்த ஒப்பந்தமே இடம் கொடுத்திருக்கக்கூடும். எனவே கணக்கு மூடப்படுகிறதா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பணம் வந்ததும் யூடிஆர் எண்ணை வைத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் எந்தப் பரிவர்த்தனை விடுபட்டது என்று அதே டிக்கெட்டில் கேளுங்கள். பொங்கல் விற்பனைக்கு முன்பே, எதிர்பார்க்கும் மாத அளவையும் மொத்த ஆர்டர்களின் உச்சத் தொகையையும் கேட்வேயிடம் திருத்திப் பதிவு செய்து, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.