பாய்லரில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரங்களுக்குச் சூடு கொடுப்பது நீராவி. அந்த ஆவியைத் தரும் பாய்லர் பெரும்பாலும் படுக்கையாக வைத்த பெரிய எஃகு உருளை. அதனுள் நீளவாக்கில் ஏராளமான குழாய்கள். விறகு எரியும் அடுப்பின் சூடான புகை அந்தக் குழாய்களுக்குள் ஓடும். குழாய்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். இது ஃபயர் டியூப் பாய்லர். நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்களில் இது தலைகீழ். குழாய்க்குள் தண்ணீர், வெளியே தீ. அது வாட்டர் டியூப் பாய்லர்.

ஏன் இரண்டு வகை? அழுத்தம்தான் காரணம். உருளை எவ்வளவு அகலமோ, உள்ளே அழுத்தம் எவ்வளவோ, அந்த அளவுக்குச் சுவரும் தடிக்க வேண்டும். 2 மீட்டர் விட்டமுள்ள உருளை 10 பார் அழுத்தத்தைத் தாங்க, தோராயமாக 10 மில்லிமீட்டர் எஃகு போதும். மின் நிலையத்துக்கு வேண்டிய 150 பாருக்கு அதே உருளையைச் செய்தால் சுவர் 150 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆனால் 5 சென்டிமீட்டர் குழாய்க்கு 4 மில்லிமீட்டர் சுவரே அந்த அழுத்தத்தைத் தாங்கும். அதனால்தான் அங்கே தண்ணீரைக் குழாய்க்குள் விடுகிறார்கள்.

சாயப்பட்டறைக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. அங்கே நாலைந்து இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஆவி கேட்கும். ஃபயர் டியூப் பாய்லரில் டன் கணக்கில் வெந்நீர் தேங்கியிருப்பதால் அந்தத் திடீர்த் தேவையைச் சமாளித்துவிடும். வாட்டர் டியூப் பாய்லரில், தரும் ஆவியோடு ஒப்பிட்டால் தண்ணீர் குறைவு. மட்டம் சீக்கிரம் ஏறும், இறங்கும். மெல்லிய குழாயில் உப்புப் படிந்தால் வெப்பம் நீருக்குப் போகாமல் குழாய் வெடிக்கும் என்பதால் மிகத் தூய நீரும் வேண்டும்.

தேங்கிய வெந்நீரே ஃபயர் டியூப் பாய்லரின் ஆபத்தும். 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 184 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். உருளை கிழிந்து அழுத்தம் போனால், அதில் ஆறில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். உள்ளே 5 டன் இருந்தால் 800 கிலோ ஆவி. அதற்கு 1,300 கன மீட்டர் இடம் வேண்டும். கட்டடம் நொறுங்குவது இதனால்தான்.

இதைத் தடுக்கவே பாய்லரின் தலையில் சேஃப்டி வால்வ். ஒரு ஸ்பிரிங், மூடியை அழுத்திப் பிடித்திருக்கும். குறித்த அளவை அழுத்தம் தாண்டியதும் மூடி சட்டென்று தூக்கி, ஆவியை வெளியே விடும். அழுத்தம் சற்று இறங்கியபின் மூடிக்கொள்ளும். பழைய நாளில் எடை தொங்கவிட்ட நெம்புகோல்தான் இருந்தது. கூடுதல் ஆவிக்கு ஆசைப்பட்டவர்கள் எடையைக் கூட்டிவிடுவார்கள். அப்படிக் கைவைக்க முடியாத வால்வை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து ரயில் எஞ்சினியர் ஜான் ராம்ஸ்பாட்டம் வடிவமைத்தார்.

ஆனால் சேஃப்டி வால்வ் பார்ப்பது அழுத்தத்தை மட்டும். நீர்மட்டம் இறங்கி, தீ படும் உலோகம் தண்ணீரைவிட்டு மேலே தெரிந்தால், அது பழுக்கச் சூடாகி வலுவிழக்கும். அப்போது வழக்கமான அழுத்தத்திலேயே உட்குழிந்து கிழியும். வால்வ் திறக்கவே திறக்காது. அதனால் பாய்லர் அட்டெண்டரின் கண் கேஜ் கிளாஸில் இருக்க வேண்டும். அதில் தண்ணீரே தெரியவில்லை என்றால் உடனே தீயை அணைக்க வேண்டும். பம்பைப் போட்டுக் குளிர்ந்த நீரை ஏற்றக் கூடாது. பழுத்த உலோகத்தில் அது பட்டால் விபரீதம்.

ஆவி இயந்திரத்துக்குப் போனபின் இன்னொரு வேலை இருக்கிறது. வெப்பத்தைக் கொடுத்த ஆவி மறுபடி தண்ணீராகிறது. அந்தத் தண்ணீரை வெளியேவிட்டு, ஆவியை மட்டும் தடுத்து நிறுத்துவது ஸ்டீம் டிராப். ஒரு வகையில் உள்ளே மிதவை இருக்கும். தண்ணீர் சேர்ந்ததும் மிதவை ஏறி வழி திறக்கும், வடிந்ததும் மூடும்.

டிராப் மூடியபடி சிக்கிக்கொண்டால் தண்ணீர் தேங்கி, இயந்திரம் சூடேறத் தாமதமாகும். குழாயில் தேங்கிய நீரை ஆவி வேகமாகத் தள்ளி வளைவில் மோதினால் ‘டமார்’ என்று அடிக்கும்; இணைப்பே பிய்ந்துபோகலாம். திறந்தபடி சிக்கினால் சத்தமில்லாத நஷ்டம். 3 மில்லிமீட்டர் துளை வழியாக 7 பார் ஆவி மணிக்கு 30 கிலோ வரை ஓடும். ஒரு நாளைக்கு 700 கிலோ. ஒரு கிலோ விறகுக்கு மூன்றரைக் கிலோ ஆவி என்றாலும், 200 கிலோ விறகு தினமும் வீண்.

டிராப்புக்கு முன்னும் பின்னும் குழாயின் வெப்பத்தை அளந்தால் பாதி விஷயம் தெரியும். முன்பக்கம் ஆறிக் கிடந்தால் அடைப்பு. பின்பக்கம் சூடாக இருப்பது மட்டும் கசிவுக்குச் சாட்சியாகாது, நல்ல டிராப்பிலிருந்து வரும் நீரும் சூடுதான். அங்கே ஒலியைக் கேட்கும் கருவி வேண்டும்: விட்டுவிட்டுக் கேட்டால் டிராப் வேலை செய்கிறது, ஓயாமல் சீறினால் ஆவி போகிறது.