இரண்டரை வினாடி வசனம்

குறும்படத்தில் ஓர் அம்மா சொல்கிறாள்: "சாப்பிட்டுட்டுப் போடா, எவ்ளோ நேரமா உனக்காகக் காத்திருக்கேன்!" பேசி முடிக்க இரண்டரை வினாடிதான். இதை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளிகளையும் சேர்த்து 80 எழுத்தை நெருங்கிவிடும். வினாடிக்கு 17 எழுத்து என்பது பலரும் பின்பற்றும் வாசிப்பு வேகம். அப்படியானால் நமக்குக் கிடைப்பது 42 எழுத்து. வழக்கமாக ஒரு வரிக்கான உச்சவரம்பும் ஏறத்தாழ அதுவே. திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது.

ஆகவே சுருக்கத்தான் வேண்டும். "எவ்ளோ நேரமா" போகட்டும். காத்திருந்ததை விடக்கூடாது, அவள் மனத்தாங்கல் அதில்தான் இருக்கிறது.

```
12
00:01:12,400 --> 00:01:14,900
Eat before you go.
I waited for you.
```

இது SRT கோப்பு: வரிசை எண், தொடக்க நேரம், முடிவு நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி. வசனம் வாய் திறக்கும்போதே தோன்ற வேண்டும். முந்தித் தோன்றினால் நடிகர் சொல்லுமுன்பே திருப்பம் வெளிப்பட்டுவிடும். ஷாட் மாறிய பிறகும் ஓரிரு ஃபிரேம் தங்கினால் கண்ணை உறுத்தும். வெட்டோடு முடித்துவிடுவது நல்லது.

இணைய பிளேயர்கள் கேட்கும் VTT கோப்பில் முதல் வரி `WEBVTT`. மில்லி வினாடிக்கு முன் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி. தமிழ் வசனம் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிந்தால், முதலில் கோப்பு UTF-8-இல் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அனுப்புமுன் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு, படத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள்.