பிழையான தெரிவுக்கும் ஒரு விளக்கம்: பல்தேர்வு வினாக்களின் விடைப் பட்டியலை எழுதும் முறை

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தின் முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு தெரிவுகள். கடந்தகால வினாத்தாள்களின் தொகுப்பை வாங்கிப் பயிற்சி செய்யும் பிள்ளை கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அங்கே பெரும்பாலும் 40 இலக்கங்கள் மட்டுமே இருக்கும். 17ஆம் வினாவுக்கு விடை 3 என்று போட்டிருக்கும். நான்காம் தெரிவுக்குப் புள்ளடி இட்ட பிள்ளைக்குத் தான் பிழைவிட்டது தெரியும். எந்த இடத்தில் பிழைவிட்டது என்பது தெரியாது. சரியான இலக்கத்தை மனதில் பதித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். அதே பிழை பரீட்சை மண்டபத்துக்கும் கூடவே செல்லும்.

பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியர் இல்லாமலே படித்த பிள்ளைகள் எங்களிடையே ஏராளம். 2009 ஓகஸ்டில் மெனிக் பாம் முகாம்களில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களும் அவர்களில் அடங்குவர். இன்றும் வன்னியின் உட்கிராமங்களிலும் மலையகத் தோட்டங்களிலும் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. அங்கே ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கற்பித்தல் சிலவேளை விடைப் பட்டியல் மட்டும்தான். ஆகவே அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிழையான தெரிவுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதுவது எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

உதாரணத்துக்குக் கலகெதரவை எடுத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டையில் இருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில் உள்ள ஊர் இது. கண்டி மலைப்பகுதியில் இருந்து குருநாகல் பக்கத்துத் தாழ்நிலத்துக்கு வீதி இறங்குவது இங்கிருந்துதான். இறங்கும் பேருந்து விரைவாகப் போகும், ஏறும் பேருந்து முனகிக்கொண்டு வரும். அங்கு படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குக்கு வசதியாக இலக்கங்களை நாமே வைத்துக்கொண்டு ஒரு வினாவை அமைப்போம்.

கலகெதரவில் இருந்து புறப்படும் பேருந்து ஒன்று குருநாகல் பக்கமாக 12 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீற்றர் கதியில் இறங்குகிறது. உடனே திரும்பி அதே வழியால் மணிக்கு 20 கிலோமீற்றர் கதியில் ஏறிப் புறப்பட்ட இடத்தை அடைகிறது. முழுப் பயணத்திலும் அதன் சராசரிக் கதி மணிக்கு எத்தனை கிலோமீற்றர்?

(1) 0  (2) 12  (3) 24  (4) 25

முதலில் சரியான விடையைப் பார்ப்போம். இறங்க எடுத்த நேரம் 24 நிமிடம், ஏற எடுத்த நேரம் 36 நிமிடம், மொத்தம் 60 நிமிடம். ஓடிய மொத்தத் தூரம் 24 கிலோமீற்றர். ஆகவே சராசரிக் கதி மணிக்கு 24 கிலோமீற்றர், விடை 3.

இனித்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. மற்ற மூன்று தெரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, "ஒரு பிள்ளை எந்த வழியால் இந்த இலக்கத்துக்கு வந்திருக்கும்?" என்று ஆசிரியர் தன்னையே கேட்க வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் விளக்கத்தை எழுதத் தொடங்கக் கூடாது.

25 எப்படி வந்தது? 30ஐயும் 20ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும். 12 எப்படி வந்தது? நேரம் ஒரு மணித்தியாலம் என்று சரியாகக் கண்ட பிள்ளை, தூரத்தில் போன பயணத்தை மட்டும் எடுத்தால் வரும். 0 எப்படி வந்தது? பேருந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி பூச்சியம் என்று எண்ணியதால் வந்தது. அந்தப் பிள்ளை கண்டது சராசரி வேகம். வேறொரு வினாவுக்கு அதுவே சரியான விடை.

வழிகள் தெரிந்துவிட்டால் விளக்கங்கள் தாமாகவே அமைந்துவிடும்.

தெரிவு 1: பேருந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால் இடப்பெயர்ச்சி பூச்சியம், சராசரி வேகமும் பூச்சியம். இங்கு கேட்கப்பட்டது கதி, அதற்கு ஓடிய முழுத் தூரமும் வேண்டும்.

தெரிவு 2: நேரத்தில் இரண்டு பயணங்களும் சேர்ந்துள்ளன, தூரத்தில் ஒன்றுதான் உள்ளது. திரும்பி வந்த 12 கிலோமீற்றரையும் சேர்த்துப் பாருங்கள்.

தெரிவு 4: இது இரண்டு கதிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தது. பயணம் எடுத்தது ஒரு மணித்தியாலம், 25 சரியென்றால் பேருந்து 25 கிலோமீற்றர் ஓடியிருக்க வேண்டும். ஓடியதோ 24 தான்.

இந்த மூன்றுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. முதல் வாக்கியம் அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, அந்த வழி எங்கே முறிகிறது என்று காட்டுகிறது, அல்லது அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று கைகாட்டுகிறது. இரண்டு, மிஞ்சினால் மூன்று சிறிய வாக்கியங்கள் போதும். நான்காம் தெரிவுக்கான விளக்கத்தைக் கவனியுங்கள். சராசரியின் வரைவிலக்கணத்தை அது திருப்பிச் சொல்லவில்லை. பிள்ளை தன் விடையைத் தானே சோதித்துப் பிழையைக் கண்ணால் காண வழிசெய்கிறது.

பலர் எழுதும் விளக்கங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். "பிழை. சரியான விடை 24" என்று எழுதினால் அது இலக்கப் பட்டியலைவிட எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை. "சராசரிக் கதி என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது" என்ற ஒரே வாக்கியத்தை மூன்று தெரிவுகளுக்கும் எழுதுவது இன்னொரு வகை. அது சரியான வாக்கியம்தான், ஆனால் சரியான விடையின் கீழ் ஒரு தடவை இருந்தால் போதும். "கவனயீனம்" என்று எழுதுவதும் உதவாது. 25 என்று கண்ட பிள்ளை கவனமாகக் கூட்டி, கவனமாக வகுத்திருக்கிறது. உங்கள் விளக்கம் சரியானதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தெரிவின் இலக்கத்தை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அது எந்தத் தெரிவுக்கானது என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அது எந்தத் தெரிவுக்கும் உரிய விளக்கம் அல்ல.

தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் மேலதிகமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாம் தெரிவுக்குப் போன பிள்ளை பௌதிகத்தில் தவறியிருக்கத் தேவையில்லை, சொல்லில் தவறியிருக்கலாம். எங்கள் பாடநூல்களில் தூரத்தோடு தொடர்பானது கதி, இடப்பெயர்ச்சியோடு தொடர்பானது வேகம். வீட்டில் பேசும்போது இரண்டுக்கும் வேகம் என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ கதிக்குப் பெயர் வேகம், வேகத்துக்குப் பெயர் திசைவேகம். ஆசிரியர் இல்லாத பிள்ளை தமிழ்நாட்டுக் காணொளிப் பாடங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்திருந்தால் இந்தச் சொற்கள் மாறிப் போவது இயல்பு.

இதைவிடச் சிக்கலான சொல் நிறை. எங்கள் பாடநூலில் திணிவு கிலோகிராமில் அளக்கப்படும், நிறை நியூற்றனில் அளக்கப்படும். தமிழ்நாட்டில் நிறை என்று சொல்வது எங்கள் திணிவையே. எங்கள் நிறைக்கு அவர்களின் சொல் எடை. ஆகவே 6 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறை என்ன என்ற வினாவுக்கு ஒரு பிள்ளை 6 கிலோகிராம் என்று தெரிவு செய்தால், "இது திணிவு. எங்கள் பாடநூலில் நிறை என்பது புவி அப்பொருளை இழுக்கும் விசை, அதன் அலகு நியூற்றன்" என்று எழுதினால் போதும். பிள்ளைக்கு விளக்கம் இல்லை என்று சொல்லவேண்டியதில்லை, சொல்லை மட்டும் திருத்தினால் சரி.

ஒரே இலக்கத்துக்கு இரண்டு வழிகள் இருக்கவும் கூடும். எங்கள் வினாவில் 24 என்று சரியாகக் கண்ட பிள்ளை, பயணம் இரண்டாயிற்றே என்று அதை மறுபடி இரண்டால் வகுத்திருந்தாலும் 12 வரும். எனவே "நீ இப்படித்தான் நினைத்தாய்" என்று அடித்துச் சொல்லாமல், அந்த இலக்கத்தில் என்ன குறைகிறது என்று சொல்வது பாதுகாப்பானது. எந்த வழி அதிகம் என்பதை அறிய, வினாத்தாளின் ஓரத்தில் பிள்ளைகள் கிறுக்கிய கணக்குகளை வாங்கிப் பாருங்கள். அல்லது, சரியா பிழையா என்று சொல்லாமல், "இதை எப்படி எடுத்தனீர்?" என்று கேளுங்கள். ஆசிரியரின் ஊகத்துக்கு எட்டாத வழிகள் அப்போதுதான் வெளிவரும்.

இந்த வேலை வினாவின் குறைகளையும் காட்டிக்கொடுக்கும். இதே வினாவில் ஏறும் கதியையும் இறங்கும் கதியையும் 30 என்றே கொடுத்திருந்தால் என்னவாகும்? கூட்டி இரண்டால் வகுத்த பிள்ளைக்கும் 30 வரும், முறையாகச் செய்த பிள்ளைக்கும் 30 வரும். பிழையான வழி சரியான விடைக்குக் கொண்டுபோகும் வினா எதையும் அளக்காது. அதேபோல நான்காம் தெரிவு 700 என்று இருந்திருந்தால் அதற்கு விளக்கம் எழுத முடியாது, ஏனெனில் எந்த வழியும் அங்கு போகாது. விளக்கம் எழுத வராத தெரிவை மாற்றிவிடுவதே நல்லது.

40 வினாக்களுக்குத் தலா மூன்று விளக்கங்கள் என்றால் 120 விளக்கங்கள். ஒரு தவணைப் பரீட்சைக்கு இவ்வளவையும் எழுத எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது, எழுதவும் தேவையில்லை. விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒவ்வொரு வினாவிலும் எந்தத் தெரிவுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் பேர் பிழைவிட்ட பத்து வினாக்களை எடுங்கள். அவற்றில் ஒருவரும் தெரிவு செய்யாத தெரிவுகளை விட்டுவிடுங்கள். மிஞ்சுவது 20 அல்லது 25 விளக்கங்கள்தான். நினைவில் வைத்துக்கொள்ளவேண்டிய பெயர், ஆண்டு போன்ற வினாக்களில் பிழைக்கு வழி எதுவும் இல்லாமல் வெறும் மறதியே காரணமாக இருக்கலாம். அவற்றுக்குப் பாடநூலின் பக்க இலக்கத்தைக் கொடுத்தால் போதும்.

எழுதி முடித்ததும் அந்தத் தாளை, பிழையான தெரிவுக்குப் போன ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு இலக்கங்களை மாற்றி அதே வகையான இன்னொரு வினாவைக் கொடுங்கள். 10 கிலோமீற்றரை மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் இறங்கி, மணிக்கு 30 கிலோமீற்றர் கதியில் ஏறினால் சராசரிக் கதி என்ன? பிள்ளை 45 என்றால் விளக்கம் போய்ச்சேரவில்லை, மீண்டும் எழுத வேண்டும். 40 என்றால் அந்த இரண்டு வரிகள் ஆசிரியர் இல்லாத வீட்டிலும் தம் வேலையைச் செய்யும்.