ஏழு நாள் மருந்து

சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். சேலத்திலிருந்து பெங்களூருக்கு ராத்திரி லோடு. அவருடைய கேபினில் சாமி படத்துக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு உண்டு. அதில் தீப்பெட்டி, டோல் ரசீது, தலைவலித் தைலம் எல்லாவற்றோடும் அடியிலிருந்து சுருட்டி நசுக்கிய ஒரு ஆயின்மென்ட் ட்யூபும் கிடக்கும். மூலத்துக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. தீர்ந்ததும் அதே அட்டையைக் காட்டி இன்னொன்று வாங்கிக்கொள்வார். நான்கு மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் கழுவும்போது மிளகாய் பட்டதுபோல் எரிகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, "ஐயா, இதை எத்தனை நாளா போடுறீங்க?" என்று கேட்டார்.

"நாலு மாசமாச்சும்மா. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. போட்டா இதமா இருக்கு. நிறுத்தினா அரிப்பு தாங்கல."

"மூலம் இப்ப சின்னதாத்தான் இருக்கு. தோல்தான் போயிடுச்சு" என்றார் டாக்டர்.

ஆசனவாயைச் சுற்றியிருந்த தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, பளபளவென்று, அங்கங்கே மெல்லிய கோடாக வெடித்திருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அது பூஞ்சைத் தொற்று. அந்த ட்யூபில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் இருந்தது, துத்தநாகத் தூள் இருந்தது, கூடவே ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டும் இருந்தது. முதல் இரண்டைத்தான் சித்தப்பாவுக்குத் தெரியும், அதுவும் இதமாக இருக்கிறது என்கிற அளவில். மூன்றாவது இருப்பது தெரியாது.

இந்த மருந்துகளை எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது என்று வெட்கப்படாமல் பேச நம்மிடம் ஆள் குறைவு. கடைக்காரர் ட்யூபைப் பொட்டலம் கட்டித் தருவார், நாம் பையில் மறைத்துக்கொண்டு வருவோம். அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திட்டுகள் எல்லோருக்கும் உண்டு. முக்கி முக்கிப் போவதாலும், நெடுநேரம் உட்காருவதாலும், கர்ப்பத்தின் அழுத்தத்தாலும் அவை வீங்கிச் சரியும்போது அதை மூலம் என்கிறோம். உள்ளே சுமார் ஒரு விரற்கணு ஆழத்தில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் சவ்வுக்கு வலி தெரியாது. கீழே இருப்பது தோல், அதற்கு நன்றாகத் தெரியும். உள்மூலம் வலியே இல்லாமல் ரத்தமாகச் சொட்டுவதும், வெளிமூலம் உட்காரவிடாமல் படுத்துவதும் இதனால்தான். மரத்துப்போகச் செய்யும் கிரீம் வெளித்தோலின் வலிக்கும் அரிப்புக்கும்தான் உதவும். வலியில்லாமல் ரத்தம் மட்டும் போகிறவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. வீங்கிய திட்டைக் கிரீம் கரைத்துவிடாது. மலச்சிக்கல் சரியாகி வீக்கம் தானாக வடியும்வரை அது வேதனையைக் குறைத்துவைக்கும், அவ்வளவுதான்.

மருந்து போடச் சரியான நேரம் காலையில் மலம் கழித்த பிறகு ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று. போட்டபின் மலம் கழித்தால் மருந்தும் கூடவே போய்விடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் என்பது நல்ல விஷயம், ஆனால் குழாய்த் துப்பாக்கியை முழு வேகத்தில் அடிப்பது புண்ணைக் கிளறும். சோப்பு அந்த இடத்துக்கு வேண்டாம். டெட்டால் வேண்டவே வேண்டாம். ஒரு அகலத் தொட்டியில் இளஞ்சூடான தண்ணீர் நிரப்பிப் பத்து, பதினைந்து நிமிடம் இடுப்பளவு அமர்ந்தால் இறுக்கம் தளரும். அதிலும் பலர் ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றுகிறார்கள். வெறும் தண்ணீரே போதும்.

நாம் பெரும்பாலும் தவறவிடுவது துடைப்பதை. கழுவிய ஈரத்தோடு வேட்டியோ புடவையோ கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஈரத்தின்மேல் கிரீம் வழுக்கும், ஒட்டாது. ஈரமான மடிப்பில் பூஞ்சை வளரும். பழைய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துணி வேறு யாருக்கும் கூடாது, தினமும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

கையை மருந்துக்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மருந்துக்கடையில் விரலுறை கிடைக்கும், அதுவும் நல்லது. வெளியே பூச ஒரு பட்டாணி அளவு கிரீம் போதும். அதை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. உள்ளே போட வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தால் பெட்டிக்குள் வரும் பிளாஸ்டிக் குழலை ட்யூபின் வாயில் திருகிப் பொருத்தி, கொஞ்சம் பிதுக்கி, வெளியே வரும் கிரீமையே குழலின்மேல் தடவி வழுவழுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு இடப்பக்கமாகப் படுத்து, கீழ்க்காலை நீட்டி, மேல்காலை வயிற்றை நோக்கி மடக்கிக்கொள்ள வேண்டும். இப்படிப் படுத்தால் பிட்டம் தானாக விலகும், பார்க்காமலே கை சரியான இடத்துக்குப் போகும். முழங்கால் வலிக்காரர் ஒரு தலையணையைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். படுக்க வசதியில்லாத இடத்தில் ஒரு காலைத் தாழ்வான முக்காலியில் ஏற்றி நின்றும் செய்யலாம். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது தசை வளையம் தளரும். அந்த நேரத்தில் குழலை மெல்ல நுழைத்து, பிதுக்கிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். தடை தெரிந்தாலோ வலித்தாலோ தள்ளாதீர்கள். முடிந்ததும் குழலைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி வையுங்கள். ஒரு குழலை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது.

சப்போசிட்டரி என்பது உள்ளே வைக்கிற மாத்திரை. பெரும்பாலும் உடம்புச் சூட்டில் உருகும்படி கொழுப்பில் செய்திருப்பார்கள். அதனால் மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே குழைந்துபோகும். குளிரூட்டியில் வைக்கலாமா என்று பெட்டியில் பார்த்து, கதவுத் தட்டில் வையுங்கள், ஐஸ் அறையில் அல்ல. போடும்போது மெத்தென்று இருந்தால் உறையோடு சில நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். உருவமே குலைந்திருந்தால் மருந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், அதை எறிந்துவிடுவதே சரி.

உறையைக் கழற்றி, தண்ணீரில் லேசாக நனைத்து, அதே இடப்பக்க நிலையில் கூர்முனை முன்னே போகும்படி வைக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதில்தான் தவறு நடக்கிறது. நுனியிலேயே விட்டால் தசை வளையம் அதை வெளியே தள்ளிவிடும். ஆழமாகத் தள்ளினால் மலக்குடலுக்குள் ஏறி அங்கே உருகும். வேதனை கீழே, மருந்து மேலே! இறுக்கமான வளையத்தைத் தாண்டியதும், அதாவது விரலின் முதல் கணு அளவில், நிறுத்திவிட வேண்டும். பிறகு பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். உருகிய கொழுப்பு கொஞ்சம் கசிந்து துணியில் கறைபடும், பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரியில் வைப்பது இதனாலும் வசதி.

இனி ஸ்டீராய்டு. வீக்கத்தையும் அரிப்பையும் அதுபோல வேகமாக அடக்குவது வேறில்லை, அதனால்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அது தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்தே அடக்குகிறது. முழங்கையில் தடவுவதும் இங்கே தடவுவதும் ஒன்றல்ல. மடிப்பான, மூடிய, ஈரமான இடம் என்பதால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். தோல் மெலிந்தால் வெடிக்கும், வெடித்தால் எரியும், எரிச்சலுக்கு மறுபடியும் அதே ட்யூபையே நாடுவோம். நிறுத்தினால் சில நாள் அரிப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும். சித்தப்பா மூலம் திரும்பிவிட்டது என்று நினைத்தது இதைத்தான். சர்க்கரை நோயாளிகளுக்குப் பூஞ்சை இன்னும் சுலபமாக வரும்.

ஆகவே டாக்டர் வேறு சொல்லாதவரை ஸ்டீராய்டு சேர்ந்த கிரீமோ சப்போசிட்டரியோ ஏழு நாளுக்கு மேல் கூடாது. மூன்றாம் நாளே குணம் தெரிந்தால் அன்றே நிறுத்தலாம். வாங்கும்போது மருந்துக்கடையில் "இதில ஸ்டீராய்டு இருக்கா?" என்று கேளுங்கள். பெட்டியில் ஹைட்ரோகார்ட்டிசோன், பெக்லோமெத்தசோன் போல 'சோன்' என்று முடியும் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஸ்டீராய்டு இல்லாத வகையும் உண்டு, வெறும் அரிப்புக்கு அதுவே முதலில் போதும். சில ட்யூப்களில் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபீனைல்எஃப்ரின் இருக்கும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரிடம் காட்டாமல் எதையும் போட வேண்டாம்.

சீழ், காய்ச்சல், பக்கத்தில் கட்டிபோல் வீங்கித் துடிக்கும் வலி இருந்தால் ஸ்டீராய்டு தொற்றைத்தான் வளர்க்கும். மலம் போகும்போது பிளேடால் அறுப்பதுபோல் வலித்தால் அது மூலமில்லை, வெடிப்பாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. திடீரென்று நீலநிறத்தில் கடினமான உருண்டை வந்து தாங்க முடியாமல் வலித்தால் ரத்தம் கட்டியிருக்கிறது, முதல் மூன்று நாளுக்குள் போனால் சிறு அறுவையில் உடனே நிம்மதி கிடைக்கும். ரத்தம் மலத்தோடு கலந்தோ கறுத்தோ வந்தாலும், எடை குறைந்தாலும், நடு வயதுக்கு மேல் மலம் போகும் பழக்கம் மாறினாலும் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. ட்யூப் அங்கே புற்றுநோயை மாதக்கணக்கில் மறைத்துவைக்கும்.

சித்தப்பாவுக்கு டாக்டர் ஸ்டீராய்டை நிறுத்தி, பூஞ்சைக்கு இரண்டு வாரம் ஒரு கிரீமும், தோலுக்கு மேல் வெறும் வாசலினும் எழுதிக்கொடுத்தார். முதல் நாலைந்து நாள் அரிப்பு கூடும், பயந்துபோய்ப் பழைய ட்யூபைத் தொடாதீங்க என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். சொன்னபடியே கூடியது, பிறகு அடங்கியது. ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் இசப்கோல், தாபாவில் சப்பாத்தியோடு ஒரு கிண்ணம் கீரை, கழிப்பறையில் செல்போன் இல்லை என்பதெல்லாம் அப்போது ஏற்பட்ட பழக்கம்.

தீபாவளி நேரத்தில் மூலம் மறுபடி வீங்கியது. டாக்டர் எழுதிய புது ட்யூபைக் கேபினில் பார்த்தேன். அதன்மேல் ஒட்டுத்தாள் ஒன்றில் பால்பாயின்ட் பேனாவால், லோடு சீட்டில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'ஆரம்பம் 12. கடைசி 18.'