வரவில் லட்சம், மீதியில் ஆயிரம்: கால்புள்ளி ஏன் இடம் மாறுகிறது?

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக் கணக்கு ஒன்றை எக்செலில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வரவு 12,45,000, பற்று 15,80,500. பலரும் நகலெடுத்து ஒட்டும் வடிவம் இது:

```
[>=10000000]"₹"##\,##\,##\,##0;[>=100000]"₹"##\,##\,##0;"₹"##,##0
```

வரவும் பற்றும் சரியாகவே தெரியும். மீதி மட்டும் -₹335,500 என்று நிற்கும். காரணம், ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்கே இடம் உண்டு. மிச்சமெல்லாம் மூன்றாம் பகுதிக்குப் போகும். எதிர்மறைத் தொகை எவ்வளவு பெரிதானாலும் ஒரு லட்சத்தை விடச் சிறியதுதானே! முதலிரு பகுதிகளில் \, என்பது நாமே செருகிய வெறும் கால்புள்ளி. மூன்றாம் பகுதியின் கால்புள்ளியோ கணினியின் வட்டார அமைப்பைக் கேட்டு நடக்கும்.

ஆகவே திருத்த வேண்டியது அந்த அமைப்பையே. விண்டோஸில் Region, Additional settings, Digit grouping என்று போய் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தால், எளிய வடிவமே போதும்:

```
"₹"#,##0;-"₹"#,##0
```

இரண்டாம் பகுதியில் கழித்தல் குறியை நாமே எழுத வேண்டும். விட்டால் நட்டம் லாபமாகத் தெரியும். வேறு அமைப்புள்ள கணினியில் கோப்பைத் திறந்தால் கால்புள்ளி மாறுமே என்பது நியாயமான ஆட்சேபம். மாறும், ஆனால் உள்ளிருக்கும் எண் மாறாது. அதற்கு அஞ்சித் தொகையை எழுத்தாகத் தட்டினால், SUM அதைக் கூட்டாமலே தாண்டிப் போகும்.